மாடிப் பந்தலுக்குக் கால் எது?

(கோவையில் மாடித்தோட்டம் வைத்திருப்போர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாடியில் பீர்க்கும் பாகலும் வளர்ப்பது பற்றிப் பேச அழைத்தீர்கள். விதை, உரம், பூச்சி விரட்டி பற்றிப் பேச இந்த அரங்கிலேயே அனுபவசாலிகள் பலர் இருக்கிறீர்கள். அதனால் நான் பந்தலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரே கேள்விதான்: குழி தோண்ட முடியாத இடத்தில் பந்தல் எப்படி நிற்கும்?

தொண்டாமுத்தூர், கிணத்துக்கடவு பக்கம் போனவர்கள் கல்தூண் பந்தலைப் பார்த்திருப்பீர்கள். தூணின் அடி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். ஓரத்துத் தூண்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவை வெளிப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் ஓர் இழுவைக் கம்பி தரைக்கு இறங்கி, மண்ணில் புதைத்த கல்லில் முடியும். பந்தலின் மேல்கம்பிகள் தூணை உள்ளே இழுக்கின்றன, இந்தக் கம்பி வெளியே இழுக்கிறது. இரண்டும் சமமாக இருப்பதால்தான் ஏக்கர் கணக்கில் விரிந்த பந்தல் காயோடு நிற்கிறது. அதாவது வயல் பந்தலின் பலத்தில் பாதி தூணில் இருக்கிறது, மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது.

மாடியில் அந்த மீதிப் பாதி இல்லை. தளத்தில் துளை போட்டு போல்ட்டு இறக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நம் வீட்டு மொட்டை மாடியில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். மழைநீர் வீட்டுக்குள் இறங்காமல் காப்பது அந்த அடுக்குதான். அதைத் துளைத்தால் தண்ணீர் துளை வழியாக இறங்கி, கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கூரையில் ஈரக்கறை தெரியும்போது சேதம் உள்ளே வெகுதூரம் போயிருக்கும்.

ஆகவே மாடியில் பந்தலுக்கான காலை நாமே செய்ய வேண்டும். அதற்கு முன்னால் அந்தக் கால் எதைத் தாங்கப் போகிறது என்று தெரிய வேண்டும்.

பத்தடிக்கு எட்டடி அளவுள்ள ஒரு பந்தலை எடுத்துக்கொள்வோம். உயரம் ஆறரை அடி. நாலு பீர்க்கங்கொடி. ஒரு கொடியில் ஒரே நேரத்தில் ஐந்து காய் தொங்கினாலும், பிஞ்சாகப் பறிக்கிற பருவத்தில் காய் ஒன்று 300, 400 கிராம்தான் இருக்கும். இருபது காய்க்கு ஏழெட்டு கிலோ. தண்டும் இலையும் ஓர் இருபது கிலோ என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். மழை பெய்தால் இலையில் தங்கும் நீர் ஏழெட்டு கிலோ. இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் மொத்தம் 40 கிலோவைத் தாண்டுவது கடினம். பாகலுக்கு இதைவிடக் குறைவாகவே வரும். எண்பது சதுர அடியில் பரவிக் கிடக்கும் 40 கிலோ ஒரு பெரிய சுமையே அல்ல. காய் கனத்தால் பந்தல் விழுந்துவிட்டது என்று சொல்கிறவர்களின் மாடிக்குப் போய்ப் பார்த்தால், பந்தல் நேராகக் கீழே அமுங்கியிருக்காது. பக்கவாட்டில் சரிந்து கிடக்கும். தள்ளியது காயின் கனம் அல்ல, காற்று.

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் ஊருக்குள் எப்படி நுழைகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பட்டத்துக் கொடி பந்தல் ஏறுவதும் அந்தக் காலத்தில்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அதற்குக் குறுக்கே நிற்கிற ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மேலும் சுமார் 17 கிலோ அழுத்தம் விழும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்றின் வேகம் நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. அந்தக் காற்றுக்கு ஈடுகொடுக்கும் பந்தலை வீட்டு மாடியில் கட்ட நினைக்க வேண்டாம். அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இப்போது இரண்டு வகை அமைப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கம்புகளை பெயிண்ட் வாளியில் நட்டு, நடுவே பத்தடி நீளம் ஆறடி உயரத்துக்கு வலையைச் செங்குத்தாகக் கட்டுகிறவர்கள் அதிகம். செலவு குறைவு, இடமும் குறைவு. செடி சிறியதாக இருக்கும்வரை காற்று வலைக்குள் புகுந்து போய்விடும். வலை முழுக்க இலை மூடியதும் அது பாய்மரம் ஆகிவிடுகிறது. இலைகளுக்கு இடையே கொஞ்சம் காற்று கசிந்தாலும், அதே 60 கிலோமீட்டர் காற்றில் அந்த வலையை அறுபது கிலோவுக்கு மேற்பட்ட விசை தள்ளும். ஓரடி அகல வாளிகளால் அதைத் தாங்கவே முடியாது.

படுக்கைப் பந்தலில் நிலைமை வேறு. காற்றுக்கு முகம் கொடுப்பது ஓரடி தடிமனுள்ள இலைப்படலத்தின் விளிம்பு மட்டும்தான். தொங்குகிற காய், காலில் ஏறுகிற கொடி எல்லாவற்றையும் சேர்த்தாலும் பக்கவாட்டுத் தள்ளல் 30 கிலோ அளவில் நிற்கும். கூடவே காற்று பந்தலை அடியிலிருந்து மேலே தூக்கவும் பார்க்கும். அது 50, 60 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் கால்களில் போதுமான எடை இருக்க வேண்டும். பீர்க்கங்காயும் நேராகத் தொங்கி வளர்வதற்குப் படுக்கைப் பந்தல்தான் வாகானது.

சரி, காலைச் செய்வோம். இருபது லிட்டர் பெயிண்ட் வாளி நாலு வேண்டும். ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்ற கணக்கில் சிமெண்ட், மணல், முக்கால் அங்குல ஜல்லி கலந்த கான்கிரீட்டை அதில் நிரப்பினால், ஒரு வாளி 46 கிலோவுக்குக் குறையாமல் வரும். நாலு வாளிக்கும் சேர்த்து அரை மூட்டை சிமெண்டும் கொஞ்சமும் போதும். கம்புக்கு ஒரு அங்குல ஜி.ஐ. பைப் நல்லது. சவுக்குக் கம்பும் தாங்கும், ஆனால் இரண்டு மழைக்காலம் கண்டதும் அடியை ஒருமுறை ஆணியால் குத்திப் பார்க்க வேண்டும். பி.வி.சி. பைப் வெயிலில் இளகி வளையும், பந்தலுக்கு ஆகாது.

இருபதடி நீளமுள்ள ஜி.ஐ. பைப் ஐந்து வாங்குங்கள். கால்களுக்கு ஆறரை அடியில் நாலு துண்டு, மேல்சட்டத்துக்குப் பத்தடியில் இரண்டு, எட்டடியில் மூன்று. எட்டடித் துண்டில் இரண்டு ஓரங்களுக்கு, ஒன்று நட்டநடுவே குறுக்காக. மீதமுள்ளதில் இரண்டடி பத்து அங்குலத்தில் எட்டுத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இந்த எட்டுத் துண்டுகளைப் பற்றித்தான் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

அவை மூலை முட்டுகள். ஒவ்வொரு காலிலும் உச்சியிலிருந்து இரண்டடி கீழே ஒரு முனை, மேல்சட்டத்தில் மூலையிலிருந்து இரண்டடி தள்ளி மறுமுனை என்று சாய்வாகப் பூட்ட வேண்டும். ஒரு மூலைக்கு இரண்டு, இரு திசைக்கும் ஒவ்வொன்று. பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பைப் கனமாக இருக்கிறது, வாளியும் கனமாக இருக்கிறது, இது எதற்கு என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நாலு வாளியும் பைப்பும் சேர்ந்து நம் பந்தலின் எடை சுமார் 240 கிலோ. 30 கிலோ விசை ஆறரை அடி உயரத்தில் தள்ளுகிறது. விசையை உயரத்தால் பெருக்கினால் 195. பந்தலைக் கவிழ்க்கப் பார்க்கிற பலம் அது. எதிர்த்து நிற்கும் பலம் எவ்வளவு? முட்டு இல்லாதபோது நாலு கால்களும் தனித்தனி ஆள்கள். ஒவ்வொரு காலும் தன் வாளியின் விளிம்பை வைத்துத்தான் கவிழும். வாளியின் நடுவிலிருந்து அடிவிளிம்புக்கு ஐந்து அங்குலம்தான் இருக்கும். 240 கிலோவை அந்த ஐந்து அங்குலத்தால், அதாவது அடிக்கணக்கில் 0.42-ஆல் பெருக்கினால் 101 வருகிறது. தேவை 195, இருப்பது 101. பந்தல் சரியும்.

முட்டு போட்டதும் நாலு கால்களும் ஒரே உடம்பாகிவிடும். மூலையில் முக்கோணம் விழுந்துவிட்டால் சட்டம் கோணலாகாது. இப்போது கவிழ வேண்டுமானால் பந்தல் முழுவதும் ஒரு பக்கத்துக் கால்களின்மேல் புரள வேண்டும். நடுவிலிருந்து அந்தப் பக்கத்துக்கு நாலடி. 240-ஐ நாலால் பெருக்கினால் 960. காற்று மேலே தூக்குவதைக் கழித்தாலும் 700-க்குக் குறையாது. அதே பைப், அதே வாளி, அதே எடை. எட்டுச் சாய்வுத் துண்டுகள் பந்தலின் எதிர்ப்பை ஏழெட்டு மடங்காக்குகின்றன. பந்தலுக்குக் கூடுதலாக நூறு ரூபாய் செலவழிக்க முடியும் என்றால், வாளியைப் பெரிதாக்காதீர்கள், முட்டில் போடுங்கள்.

கட்டும் வரிசையும் முக்கியம். சட்டத்தை முதலில் முழுமையாகக் கிளாம்ப் வைத்துப் பூட்டி, காலி வாளிகளுக்குள் நிறுத்துங்கள். தூக்குக்குண்டு பிடித்துக் கால் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு கான்கிரீட் போடுங்கள். காலின் அடியில் ஒரு துளையிட்டு ஆறங்குலக் கம்பி ஒன்றைக் குறுக்கே செருகிவிட்டால், பின்னாளில் பைப் வாளிக்குள் சுழலாது. வாளியின் அடியில் பழைய டயர் ரப்பர் துண்டு போட்டால் தட்டோடு உடையாது. கான்கிரீட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துங்கள். வெல்டிங் வைப்பவர்கள் வைத்த இடத்தில் உடனே பெயிண்ட் அடித்துவிடுங்கள். சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோன இடத்தில்தான் துரு பிடிக்கத் தொடங்கும்.

இந்த எடையைத் தளம் தாங்குமா என்ற கவலை வரும். ஆள் நடமாடும் மாடிக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்ற அளவில் சுமையைக் கணக்கிட்டுக் கட்ட வேண்டும் என்பது இந்தியக் கட்டுமானத் தரவிதி. நம் பந்தலின் எடை அதற்குள் அடங்கும். ஆனால் செடி வைத்த பை அப்படி அல்ல. பதினைந்து அங்குல அகலமும் உயரமும் உள்ள பையில் மண்ணும் தென்னைநார்க் கழிவும் தொழுவுரமும் கலந்து நனைத்தால் 45 கிலோவைத் தொடும். அது நிற்கும் இடமோ சுமார் ஒன்றேகால் சதுர அடிதான். ஆகவே வாளிகளையும் பைகளையும் சுவரோ உத்தரமோ ஓடுகிற கோட்டின்மேல் வையுங்கள். கீழே அறைக்குள் போய் வெளிச்சுவரிலிருந்து அளந்து வந்தால் மாடியில் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்துவிடலாம். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால், பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் எதையும் ஏற்றாதீர்கள்.

பந்தலைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டலாமா? அரைக்கல் கனத்தில் எழுப்பிய சுவராக இருந்தால் கூடாது. நிற்பதற்காக எழுப்பிய சுவர் அது, இழுப்பதற்காக அல்ல. விழுந்தால் தெருவில் விழும். தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும், டிஷ் ஆன்டெனாக் கம்பியிலும் எந்தக் காரணத்துக்காகவும் கட்ட வேண்டாம்.

அடுத்தது மேற்கம்பி. எட்டடி அகலத்தைக் கடந்து ஆறு கம்பிகள், ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்று. இரண்டு மில்லிமீட்டர் கட்டுக்கம்பி போதும். அதற்குக் குறுக்கே ஓரடி இடைவெளியில் தேங்காய்நார்க் கயிறு. இங்கே எல்லோரும் செய்ய நினைப்பது கம்பியை முறுக்கி முறுக்கி விறைப்பாக்குவது. அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு கம்பிக்கு ஏழு கிலோ சுமை வருகிறது என்று வையுங்கள். கம்பி நடுவில் மூன்றங்குலம் தொய்ந்திருந்தால் அது சட்டத்தை இழுக்கும் விசை 28 கிலோ. அதையே ஓரங்குலத் தொய்வுக்கு இழுத்துக் கட்டினால் 84 கிலோ. ஆறு கம்பியும் சேர்ந்து அரை டன் விசையில் பத்தடிச் சட்டங்கள் இரண்டையும் உள்ளே வளைக்கப் பார்க்கும். நடுவே எட்டடிப் பைப் ஒன்றைக் குறுக்காகப் போட்டதே அந்த வளைவைத் தடுக்கத்தான். வயலில் இழுவைக் கம்பி செய்கிற வேலையை இங்கே அது செய்கிறது. சட்டம் உள்வாங்குவதை ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாலே தெரியும். தெரிந்தால் கம்பியைத் தளர்த்துங்கள்.

வலை வாங்குகிறவர்கள் கை நுழைகிற கண் உள்ள வலையாகப் பார்த்து வாங்குங்கள். ஆறங்குலம் நல்லது. பறவைகளைத் தடுக்கிற சிறுகண் வலையில் பீர்க்கம்பிஞ்சு நுழைந்து பருக்கும். பிறகு இடுப்பு இறுகி வெளியே வராது, வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இனிக் கொடியை ஏற்றுவோம். பைப்பைப் பிடித்து ஏற கொடியால் முடியாது. பற்றுக்கம்பி சுருண்டு பிடிக்க மெல்லியது ஏதாவது வேண்டும். பாகலின் பற்றுக்கம்பி கிளைக்காமல் ஒற்றையாக இருக்கும். பீர்க்கின் பற்றுக்கம்பி கிளைகளாகப் பிரியும். இரண்டுமே ஒரு பிடி கிடைத்ததும் நடுவில் திசைமாறிச் சுருளும். பாதி இடமாக, பாதி வலமாக. சார்லஸ் டார்வின் 1865-இல் படரும் கொடிகளைப் பற்றி எழுதியபோது இந்தச் சுருளை விரிவாக ஆராய்ந்தார். காற்றில் கொடி ஆடும்போது சுருள் நீண்டு சுருங்கி, அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. கயிற்றில் ஏறிய கொடி பிய்யாமல் நிற்பது அதனால்தான். ஒவ்வொரு காலிலும் நார்க்கயிற்றைச் சுற்றிவிடுங்கள், பையிலிருந்து பந்தலுக்கும் ஒரு கயிறு விடுங்கள்.

அந்தக் கயிற்றின் அடிமுனையைச் செடியின் தண்டில் கட்டுகிறவர்கள் உண்டு. காற்றில் பந்தல் ஓரங்குலம் அசைந்தாலும் கயிறு தண்டை மேலே இழுக்கும், இளவேர்கள் அறுபடும். மறுநாள் மண் ஈரமாக இருந்தும் நடுப்பகலில் இலை தொங்கினால் இது காரணமாக இருக்கலாம். கயிற்றைப் பையில் ஊன்றிய குச்சியில் கட்டுங்கள். தண்டை அதனோடு எட்டு வடிவத்தில் தளர்வாக இணைத்தால் போதும்.

பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒரே தண்டாக ஏற்றுங்கள். மேலே ஓரடி படர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிளம்புகிற கிளைகளில் மூன்று நாலை மட்டும் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு திசைக்குத் திருப்பிவிடுங்கள். பாகலில் பெண்பூக்கள் இந்தக் கிளைகளில் நிறைய வரும். அதைவிட, கிளையைத் திருப்பிவிடாத பந்தலில் எல்லாக் கொடியும் வெயில் பக்கத்து மூலையில் மொத்தையாகக் குவியும். சுமை அங்கே சேரும், காற்றுக்கும் அந்த மூலைதான் அகப்படும். வாரம் ஒருமுறை பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். வானம் சிறு சிறு துண்டுகளாகவாவது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மஞ்சளான அடியிலைகளைக் கழித்துவிடுங்கள். காற்றுக்கு வழி கிடைக்கும், சாம்பல் நோயும் குறையும்.

பிஞ்சு விரல் நீளம் ஆனதும் கம்பிக்கு மேலே கிடப்பதைக் கையால் கீழே இறக்கிவிடுங்கள். மேலேயே விட்டால் வளைந்துபோகும். புடலங்காய்க்குக் கட்டுவதுபோல் பீர்க்குக்குக் கல் கட்ட வேண்டியதில்லை, தன் கனத்திலேயே நேராகிவிடும். பீர்க்கின் வரிவிளிம்பில் நகம் எளிதில் பதியும்போதே பறியுங்கள். பாகலைத் தோல் வெளுத்துப் பளபளப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தால் பந்தலின் சுமையும் கட்டுக்குள் இருக்கும், அடுத்த பிஞ்சுக்கும் சத்து போகும்.

புயலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கம்பிகளும் கயிறும் சட்டத்தோடு சேரும் இடங்களைச் சணல் கயிறு கொண்டு கட்டுங்கள். நைலான் வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் அரிவாளோடு ஏறி ஒரு பக்கத்துக் கட்டுகளை அறுத்து, கொடியைப் படலோடு தளத்தில் சாய்த்துவிடலாம். வெறும் சட்டத்தில் காற்று பிடிக்க எதுவும் இருக்காது. நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் புயல் வந்தாலும், முதலில் அறுவது சணலாக இருக்கும். போனால் ஒரு பருவத்துக் கொடி போகும். சட்டமும் வாளியும் பக்கத்து வீட்டு மாடியில் போய் விழாது.

ஆடிப்பட்டத்துக்கு விதை ஊன்றுகிறவர்கள் ஆனி பிறப்பதற்கு முன்பே பந்தலைக் கட்டி முடியுங்கள். கட்டி முடித்ததும் பத்து லிட்டர் தண்ணீர் நிரப்பிய கேன் நாலை நாலு இடங்களில் தொங்கவிடுங்கள். நாம் கணக்கிட்ட 40 கிலோ அதுதான். பிறகு ஒரு மூலைக்காலைத் தோள் உயரத்தில் பிடித்து இரு திசையிலும் ஆட்டிப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் அசைந்தால் முட்டின் கிளாம்புகளை இறுக்கி, மறுபடி ஆட்டிப் பாருங்கள். அசைவு அடங்கிய பிறகு விதையை ஊறப்போடுங்கள். கொடி ஏறிய பந்தலைத் திருத்த முடியாது. திருத்த வேண்டியதையெல்லாம் வெறும் சட்டமாக இருக்கும்போதே திருத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.